பழம், காடு, காப்பி: ஒரு மாணவியின் வெண்பாவைப் பொருள் மாறாமல் திருத்திய கதை

பின்னணி

சேலத்தில் பள்ளிகளுக்கு இடையே நடந்த ஒரு மரபுக்கவிதைப் போட்டிக்காகப் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதிய நேரிசை வெண்பாவைப் பற்றிய குறிப்பு இது. மாணவியின் ஊர் ஏற்காட்டுக்கு மேலே சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டக் குடியிருப்பு. படிப்பதற்காகச் சேலத்தில் விடுதியில் தங்கியிருந்தார். போட்டியின் விதி கறாரானது. தலைப்பு மாணவர் விருப்பம், ஆனால் பா நேரிசை வெண்பாவாக இருக்க வேண்டும். தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை, தட்டினால் பாடல் முதல் சுற்றிலேயே நீக்கப்படும்.

சனிக்கிழமைகளில் யாப்பு சொல்லித்தருவது என் வேலை. மாணவர்கள் கொண்டுவரும் பாட்டைச் சீரும் அசையுமாகப் பிரித்து அலகிட்டுப் பார்த்து, தவறு எங்கே என்று காட்டுவேன். சீர் சரியாக வர ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்ற நிலை அடிக்கடி வரும். அந்த ஒரு சொல்லோடு பாட்டின் பொருளும் நழுவிப்போவதை இந்தப் பாட்டில் போலத் தெளிவாக வேறெங்கும் பார்த்ததில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

முதலில் வந்த பாட்டு

மாணவி கொடுத்தது இப்படி இருந்தது:

காலை பனியில் பழம்பறிப்பாள் எங்கள் அம்மா
வேலை பிறர் தோட்டத்தில் வீட்டிற்கோ – சேலை
மடிப்பில் வாசம் மட்டும் காப்பி
குடிப்பது யாரோ தெரியவில்லை

வாசித்ததும் நன்றாகவே இருந்தது. எதுகை கச்சிதம்: காலை, வேலை, சேலை என்று முதல் இரண்டடியும் தனிச்சொல்லும் ஒன்ற, அடுத்த இரண்டடி மடி, குடி என்று வேறு எதுகையில் போகிறது. இருவிகற்ப நேரிசை வெண்பாவின் சட்டகம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் வாய்விட்டுப் படித்தால் மூன்றாவது அடியில் ஓசை மாறுகிறது. முதலடி வெண்பாவுக்குரிய செப்பலாகப் போய்க்கொண்டிருக்க, மூன்றாமடி ஆசிரியப்பாவுக்குரிய அகவலாக இறங்கிவிடுகிறது. காது சொன்னதை எழுத்தில் சரிபார்க்க வேண்டும்.

திருத்துவதற்கு முன் வாங்கிய உரைநடை

அலகிடத் தொடங்கும் முன், பாட்டில் சொல்ல வந்ததை நான்கு வரி உரைநடையில் எழுதித் தரச் சொன்னேன். இது என் வழக்கம். பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எழுத வேண்டும். மாணவி எழுதியது இது:

“அம்மா விடியற்காலைப் பனியில் காப்பிப் பழம் பறிக்கிறார். தோட்டம் எங்களுடையது இல்லை. எங்கள் வீட்டுக்கு வருவது அவர் சேலை மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழத்தின் வாசம் மட்டும்தான். அந்தக் காப்பியை யார் குடிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.”

இதைப் படித்துவிட்டு, எதை விட்டால் பாட்டு வேறாகிவிடும் என்று அவரையே கோடிடச் சொன்னேன். தோட்டம் பிறருடையது, வருவது வாசம் மட்டும், குடிப்பவர் யாரென்று தெரியாது என்ற மூன்றின் கீழும் கோடு போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு ‘எங்கள்’ என்ற சொல்லையும் வட்டமிட்டார். வீட்டில் தம்பியும் இருக்கிறான், அம்மா இருவருக்கும்தான் என்றார். சரி, அதுவும் எல்லைக்கோடு.

அலகிட்டபோது தெரிந்தவை

வெண்பாவில் அடிக்கு நான்கு சீர், ஈற்றடிக்கு மூன்று. ஈரசைச் சீர்களும் மூவசைச் சீர்களில் காய்ச்சீரும் வரலாம். கனிச்சீர் கூடாது, நாலசைச் சீரும் கூடாது. குறிலோ நெடிலோ தனித்து வந்தால் நேரசை, குறிலோடு இன்னோர் எழுத்து இணைந்து வந்தால் நிரையசை, இரண்டிலும் ஒற்று கணக்கில் சேராது. ஈரசையில் நேரில் முடிவது மா, நிரையில் முடிவது விளம்; மூவசையில் நேரில் முடிவது காய், நிரையில் முடிவது கனி. மாச்சீரை அடுத்து நிரையும், விளச்சீரை அடுத்து நேரும், காய்ச்சீரை அடுத்து நேரும் வர வேண்டும். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில் முடிய வேண்டும். இவ்வளவையும் மாணவி மனப்பாடமாகச் சொன்னார். சிக்கல் விதி தெரியாததில் இல்லை.

முதலடியில் எழுதியபடி எண்ணினால் ஐந்து சீர் வருகிறது. ‘எங்கள்’ தேமா, ‘அம்மா’ வும் தேமா. மாவை அடுத்து நேர் வந்து தளையும் தட்டுகிறது. ஆனால் இது எழுதும் முறையால் வந்த பிழை. சேர்த்து ‘எங்களம்மா’ என்று எழுதினால் எங்/களம்/மா, அதாவது நேர் நிரை நேர், கூவிளங்காய். நான்கு சீராகிவிட்டது, தளையும் சரி. உயிரில் தொடங்கும் சொல் மெய்யில் முடியும் சொல்லை அடுத்து வந்தால், அலகிடும் முன் இரண்டையும் புணர்த்திப் பார்க்க வேண்டும். உரைநடைக்காக நாம் விடும் இடைவெளி யாப்புக்குத் தெரியாது.

‘காலை பனியில்’ என்பதில் ப் விடுபட்டிருந்தது. அது எழுத்துப்பிழை மட்டும்தான். கா/லை என்றாலும் கா/லைப் என்றாலும் நேர் நேர்தான். சீர்க் கடைசியில் ஓர் ஒற்று கூடுவதால் அசை மாறாது. அதனால் ஒற்றுப் போடுவதற்கு யாப்பைக் காரணமாகச் சொல்லத் தேவையில்லை, இலக்கணத்துக்காகவே போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாமடிதான் முதல் உண்மையான பிழை. ‘பிறர் தோட்டத்தில்’ என்பதைப் பிரித்தால் ‘பிறர்’ ஒற்றை நிரையசை. ஓரசைச் சீர் வெண்பாவின் ஈற்றில் மட்டும்தான் நிற்கும், நடுவே நிற்காது. சேர்த்தால் பிறர்/தோட்/டத்/தில் என்று நான்கு அசை. இரண்டு வழியும் அடைபட்டது.

மூன்றாமடியில் காது சொன்னது சரியாக இருந்தது. மடிப்பில் புளிமா. வாசம், மட்டும், காப்பி மூன்றும் தேமா. மாவை அடுத்து நேர் மூன்று முறை வருகிறது. இது நேரொன்றாசிரியத் தளை, ஆசிரியப்பாவுக்கு உரியது. வெண்பா எழுதப் பழகுகிறவர்களிடம் நான் மிகுதியாகப் பார்க்கும் பிழையும் இதுதான். இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களைப் பேச்சுப்போக்கில் வரிசையாக அடுக்கினால் தேமாவுக்குப் பின் தேமா தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான்காமடி வேடிக்கையானது. தளை ஒன்றும் தட்டவில்லை. காப்பி என்ற தேமாவை அடுத்துக் ‘குடிப்பது’ நிரையில் தொடங்குகிறது. அது கருவிளம், அடுத்து ‘யாரோ’ நேரில் தொடங்குகிறது. ‘யாரோ’ தேமா, அடுத்து ‘தெரியவில்லை’ நிரையில் தொடங்குகிறது. எல்லாம் சரி. ஆனால் தெரி/யவில்/லை கருவிளங்காய். ஈற்றுச்சீர் மூவசையாக இருக்க முடியாது.

இரண்டாமடி: யாருடைய தோட்டம்?

அந்த நேரத்தில் உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் வந்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், யாப்பில் கைதேர்ந்தவர். தாளைப் பார்த்தவுடன் பென்சிலால் ஒரு திருத்தம் எழுதினார்:

வேலைசெய் தோட்டத்தில் வீட்டிற்கோ – சேலை

யாப்பு சுத்தம். ‘வேலைசெய்’ என்பதில் லை சொல்லின் நடுவே வருவதால் ஐகாரக்குறுக்கமாகக் குறிலாக எண்ணப்பட்டு, வே/லைசெய் கூவிளம் ஆகிறது. அடுத்துத் ‘தோட்டத்தில்’ நேரில் தொடங்குகிறது. தோட்/டத்/தில் தேமாங்காய், அடுத்து ‘வீட்டிற்கோ’ நேர். மறுக்க ஒன்றும் இல்லை.

ஆனால் ‘பிறர்’ போய்விட்டது. மாணவி கோடிட்ட முதல் சொல் அது. தோட்டம் யாருடையது என்று சொல்லாவிட்டால், அம்மா சொந்தத் தோட்டத்தில் பழம் பறிப்பதாகவும் படிக்கலாம். அப்படிப் படித்தால் வீட்டுக்கு வாசம் மட்டும் வருவது ஏன் என்ற கேள்விக்குப் பாட்டில் விடையே இருக்காது. அவரிடம் உரைநடையைக் காட்டினேன். பார்த்துவிட்டு, “அப்ப பிறர்தோட்டம்னு நிறுத்திடுங்க, இல் உருபு தொக்கி நிக்கட்டும்” என்றார். பிறர்/தோட்/டம் புளிமாங்காய், தளையும் சரி. ‘வேலை பிறர்தோட்டம்’ என்பது மட்டும் கொஞ்சம் முடமாக ஒலித்தது. வேலைதான் பிறருடைய தோட்டம் என்று சொல்வதுபோல.

‘பிறர்மண்ணில்’ என்றும் பார்த்தோம். அதுவும் புளிமாங்காய்தான். ஆனால் பிறர் மண் என்றவுடன் அயல்நாடு, ஏதிலி என்று மனம் எங்கோ போகிறது. விட்டுவிட்டோம்.

அப்புறம் மாணவியிடம் கேட்டேன்: “வீட்டுல பேசும்போது தோட்டம்னா சொல்லுவீங்க?”

“இல்லீங்க ஐயா. காடுன்னுதான் சொல்லுவோம். அம்மா காட்டுக்குப் போயிருக்காங்கன்னு.”

சேலம் வட்டாரத்தில் விளைநிலத்தைக் காடு என்பதும், காட்டு வேலை என்றால் நில வேலை என்பதும் எல்லோருக்கும் பழக்கம். ‘பிறர்காட்டில்’ என்றால் பிறர்/காட்/டில், நிரை நேர் நேர், புளிமாங்காய். வேற்றுமை உருபு ஒட்டியே இருக்கிறது, ‘பிறர்’ இருக்கிறது, நாலசை மூவசையாகிவிட்டது. மூன்றும் ஒரே சொல்லில் தீர்ந்தன. உடன் பணிபுரிபவருக்கு மட்டும் திருப்தி இல்லை. “எங்க ஊர்ல இதைப் படிச்சா வனம்னு நினைப்பாங்க” என்றார். அது நியாயமான எச்சரிக்கை. ஆனாலும் முதலடியில் பழம் பறிப்பதும் மூன்றாமடியில் காப்பியும் இருக்க, காடு என்பது விளைநிலம் என்று பாட்டே காட்டிக்கொடுத்துவிடும் என்று முடிவு செய்து ‘காட்டில்’ என்பதையே வைத்தோம்.

மூன்றாமடி: எந்த வாசம்?

இந்த அடிக்கு மாணவியே ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: ‘மடிப்பில் வருமே மணமட்டும் காப்பி’. மடிப்பில் புளிமா, வருமே புளிமா, மணமட்டும் புளிமாங்காய், அடுத்துக் காப்பி நேர். தளை ஒன்றும் தட்டவில்லை. பொருளும் பெரிதாக மாறவில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பழைய அடியில் இருந்த ஒரு மயக்கம் இதில் கூடிவிட்டது. ‘மணமட்டும் காப்பி’ என்று சேர்த்து வாசித்தால், சேலையில் வருவது காப்பி மணம் என்று ஆகிவிடும்.

மலையில் இருப்பவர்களுக்கு இது உடனே உறுத்தும். செடியிலிருந்து பறித்த பழத்தில் நாம் டம்ளரில் முகரும் வாசம் கிடையாது. அந்த வாசம் கொட்டையை வறுத்த பிறகு வருவது. கார்த்திகையிலிருந்து தை வரை பழம் பறிக்கும் கையில் ஒட்டுவது சிவந்த தோலின் இனிப்பும் லேசான புளிப்பும் கலந்த பச்சை வாசம். மாணவியின் உரைநடையில் ‘பழத்தின் வாசம்’ என்று தெளிவாக இருந்தது, பாட்டில் பழம் விடுபட்டிருந்தது. திருத்தம் தேட வேண்டிய இடம் அங்கேயே இருந்தது.

மடிப்பில் பழவாசம் மட்டுமே காப்பி

மடிப்பில் புளிமா. பழ/வா/சம் புளிமாங்காய், நிரையில் தொடங்குகிறது. மட்/டுமே கூவிளம், நேரில் தொடங்குகிறது. காப்பியும் நேரில் தொடங்குகிறது, விளத்தை அடுத்து அது சரி. மாணவியின் வாசம், மட்டும், காப்பி மூன்றும் அதே வரிசையில் அப்படியே நிற்கின்றன. புதிதாக வந்தவை ‘பழ’ என்ற இரண்டு எழுத்தும் ஓர் ஏகாரமும்தான். மடிப்பில், மட்டுமே என்று ஒன்றாம் மூன்றாம் சீரில் மோனை கிடைத்தது கேட்காமல் வந்த வரவு.

மோனை என்றதும் முதலடியைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பழம்பறிப்பாள்’ என்பதைக் ‘கனிபறிப்பாள்’ என்று மாற்றினால் காலைக்குக் கனி மோனையாகும். அதுவும் கருவிளங்காய்தான். மாற்றவில்லை. பனி, பழம் என்று இரண்டாம் மூன்றாம் சீரில் மோனை ஏற்கெனவே இருக்கிறது. காப்பிப் பழத்தை யாரும் கனி என்று சொல்வதில்லை. மோனை இல்லாதது குறையே தவிர, தளை தட்டுவது போன்ற பிழை அல்ல. பிழை இல்லாத இடத்தில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை.

ஈற்றடி: தெரியாது என்பதை எப்படிச் சொல்வது

இங்கேதான் அதிக நேரம் ஆனது. உடன் பணிபுரிபவர் ‘குடிப்பது யாரோ துரை’ என்றார். துரை நிரையசை, மலர் வாய்பாடு, தேமாவை அடுத்து நிரை, எல்லாம் பொருத்தம். மலைத்தோட்டம் என்றால் துரை என்பதும் மனதில் எளிதில் வரும். ஆனால் மாணவி தோட்ட முதலாளியைச் சொல்லவே இல்லை. குடிப்பவர் யாரென்றே தெரியாது என்கிறார். துரை வந்தால் கோபம் ஓர் ஆளின் மீது போய் நிற்கும். இந்தப் பாட்டில் கோபம் இல்லை, வியப்புதான் இருக்கிறது.

மாணவி அடுத்த வாரம் கொண்டுவந்தது: ‘குடிப்பாரே எங்கோயா ரோ’. ஒரு யாப்பு மென்பொருளில் போட்டுப் பார்த்தாராம், ஒரு குறையும் காட்டவில்லையாம். காட்டாதுதான். புளிமாங்காய், தேமாங்காய், நாள் என்று வரிசை சரியாகவே இருக்கிறது. ஆனால் ‘எங்கோ யாரோ’ என்பதை உடைத்து, யாரோவின் வாலை மட்டும் கடைசிச் சீராக நிறுத்தியிருக்கிறார். இப்படிச் சொல்லை உடைத்துச் சீராக்கும் வகையுளி பழைய பாடல்களில் உண்டு, விதி அதைத் தடுக்கவில்லை. சொல்லின் கடைசி எழுத்து மட்டும் தனியே நிற்பதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள் என்றேன். படித்தார், சிரித்தார், தானே அடித்துவிட்டார்.

பிறகு ‘தெரியவில்லை’ என்ற சொல்லே தேவையா என்று பார்த்தோம். ‘யாரோ’ வில் இருக்கும் ஓகாரம் ஐயத்தைக் காட்டுவது. அறியாமை அதிலேயே இருக்கிறது, தெரியவில்லை என்பது அதை இன்னொரு முறை சொல்கிறது. அந்த மூவசைச் சீரை எடுத்துவிட்டால் தேமாவை அடுத்து ஒரு நிரையசை மட்டும் வேண்டும். ‘குடிப்பது’ என்பதைக் ‘குடிப்பவர்’ என்று ஆக்கினால் ‘அவர்’ இயல்பாகப் பொருந்துகிறது:

குடிப்பவர் யாரோ அவர்

குடிப்/பவர் கருவிளம், யா/ரோ தேமா, அவர் மலர். அஃறிணையாக இருந்த செயல் உயர்திணை ஆளாக மாறியிருக்கிறது. இது ஒரு சிறிய மாற்றம்தான் என்றாலும் மாணவியிடம் சொல்லி ஒப்புதல் வாங்கினேன். “குடிக்கிறது ஆளுங்கதானே ஐயா” என்றார்.

இறுதி வடிவமும் அதன் பிறகும்

காலைப் பனியில் பழம்பறிப்பாள் எங்களம்மா
வேலை பிறர்காட்டில் வீட்டிற்கோ – சேலை
மடிப்பில் பழவாசம் மட்டுமே காப்பி
குடிப்பவர் யாரோ அவர்.

பழைய உரைநடையைப் பக்கத்தில் வைத்து, பாட்டை முன்பு பார்க்காத வேறொரு மாணவனிடம் கொடுத்து, பொருளை எழுதச் சொன்னேன். கோடிட்ட மூன்றும், ‘எங்கள்’ என்பதும் அவன் எழுதியதில் இருந்தன. காட்டைக் காப்பிக்காடு என்றே எழுதியிருந்தான். அவன் சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பையன்.

போட்டியில் பாடல் யாப்புச் சோதனையைத் தாண்டியது, பரிசு பெறவில்லை. நேர்முகச் சுற்றில் ஒரு நடுவர், “பிறருக்குச் சொந்தமான வனமா?” என்று மாணவியிடம் கேட்டிருக்கிறார். மாணவி விளக்கியதும் ஏற்றுக்கொண்டிருக்கிறார். பள்ளி மலரில் அச்சானபோது பாடலுக்குக் கீழே ‘காடு – விளைநிலம், சேலம் வழக்கு’ என்று ஒரு வரி சேர்த்தோம்.

அடுத்து வரும் பாடல்களில் மாற்றப்போவது

உரைநடையை வாங்கும்போதே, வீட்டில் புழங்கும் சொற்களையும் ஓரத்தில் எழுதி வாங்கத் தொடங்கியிருக்கிறேன். ‘காடு’ அந்த ஓரத்தில் முதலிலேயே இருந்திருந்தால் பிறர்தோட்டம், பிறர்மண் என்று சுற்றியிருக்க வேண்டாம். வட்டாரச் சொல்லை வைப்பது என்று முடிவானால், போட்டிக்கு அனுப்பும் படியிலேயே பொருள் குறிப்பு போக வேண்டும். விதி அதற்கு இடம் தராத போட்டியாக இருந்தால், சொல்லை மாற்றுவதா தவறாகப் படிக்கப்படும் வாய்ப்பை ஏற்பதா என்பதை மாணவரே சொல்லட்டும். மென்பொருளில் பார்த்துக் கொண்டுவரும் மாணவர்களிடம், சீர் பிரிக்கும்போது எந்தச் சொல் எங்கே உடைகிறது என்று தனியே ஒரு கோடு போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன்.